செங்கல் கட்டு ரேட்: 5% சேதாரம் போட்டேன், கணக்கு 11% காட்டுகிறது

அளவுநாடா:
செங்கல் கட்டுக்கு நான் போட்ட ரேட் அனாலிசிஸ் இது. கல் 190×90×90 மி.மீ., ஜாயிண்ட் 10 மி.மீ. கன மீட்டருக்கு 500 கல், 5% சேதாரத்தோடு 525. ஒரு கொத்தனார் நாளைக்கு 1.2 கன மீட்டர் கட்டுவார் என்று வைத்தேன். மொத்தத்தின் மேல் ஓவர்ஹெட்டும் லாபமுமாக 15%.

வேலை முடிந்துவிட்டது. 200 மி.மீ. சுவர், கதவு ஜன்னல் கழித்து 300 சதுர மீட்டர், அதாவது 60 கன மீட்டர். இறங்கிய கல் 33,300. முழுக்கல் ஒன்றுகூட மிச்சமில்லை. கன மீட்டருக்கு 555 ஆகிறது. கொத்தனார் கூலி 50 நாள் என்று நினைத்தது 66 நாள் ஆனது. அடுத்த ரேட்டில் சேதாரத்தை 11% ஆக்கிவிடலாமா?

சாரமரம்:
தாராளமாக ஆக்குங்கள். ஏற்றி இறக்கினால் உடையத்தான் செய்யும். நான் எப்போதும் 10% போடுவேன், இதுவரை கையைக் கடித்ததில்லை.

ரசமட்டம்:
அவசரப்படாதீர்கள். 11% என்றால் 3,300 கல் உடைந்திருக்க வேண்டும். அவ்வளவு உடைசல் தளத்தில் கிடந்ததா? இல்லையென்றால் கல்லின் அளவைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு கல்லை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். 20 கல்லை நீளவாக்கில் முட்டவைத்து அளந்து 20ஆல் வகுங்கள். உயரத்துக்கும் அப்படியே.

குட்டிச்சுவர்:
555 கல்லா? என் வீட்டு 100 மி.மீ. தடுப்புச் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 55 கல்தான் ஆனது. உங்களிடம் யாரோ கல்லைத் திருடியிருக்கிறார்கள்.

ரசமட்டம்:
குட்டிச்சுவர், உங்கள் 55ஐக் கன மீட்டருக்கு மாற்றினால் 550 வரும். இரண்டு பேர் கதையும் ஒன்றுதான்.

அளவுநாடா:
அதே லாரியில் வந்த கல் பக்கத்துத் தளத்தில் இருந்தது, அளந்துவிட்டேன். 20 கல் நீளம் 3.70 மீட்டர், உயரம் 1.74 மீட்டர். ஆக ஒரு கல் 185 × 87. உடைசலும் சின்னக் குவியல்தான்.

ரசமட்டம்:
அதுதான் விஷயம். ஜாயிண்டோடு ஒரு கல் சுவர் முகத்தில் அடைப்பது 195 × 97 மி.மீ. சதுர மீட்டருக்கு 52.9 கல், முழுக்கல் சுவருக்கு அதில் இரண்டு மடங்கு, 105.7. முந்நூறு சதுர மீட்டருக்கு 31,700 சொச்சம். நீங்கள் வாங்கிய 33,300 அதைவிட 5%தான் அதிகம். சேதாரம் நீங்கள் போட்ட 5%தான், மீதி கல் சிறுத்ததால் வந்தது.

கன அளவில் போடாமல் முகப்பரப்பில் ஏன் போட்டேன் என்றால், கல் மெலிந்தாலும் சுவரை 200 என்றுதான் அளந்து பில் போடுகிறோம். 11% என்று எழுதிவைத்தால், அடுத்த லோடு சரியான அளவில் வந்தாலும் ரேட் ஏறியே நிற்கும். வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

கூலிக்கு வருவோம். மஸ்டரில் உயரவாரியாகக் குறிப்பு இருக்கிறதா?

அளவுநாடா:
இருக்கிறது. 3 மீட்டர் சுவரில் முதல் 1.2 மீட்டர் வரை நாளைக்கு 1.3 கன மீட்டர் ஓடியது. சாரம் ஏறியபின் 1.0.

சாரமரம்:
அப்போ சராசரி 1.15.

ரசமட்டம்:
இல்லை சார், நாளைத்தான் கூட்ட வேண்டும். கீழே 40%, மேலே 60%. 0.4/1.3 + 0.6/1.0, கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.91 நாள். அதாவது நாளைக்கு 1.1. அப்படிப் பார்த்தால் 60 கன மீட்டருக்கு 55 நாள் போதும். மீதி 11 நாள் எங்கே போனது?

அளவுநாடா:
கல் வராமல் உட்கார்ந்த கூலி 7 நாள். மற்ற 4 நாள் ஜன்னல் ஓரம், சின்னத் தூண் என்று போயிருக்கும்.

ரசமட்டம்:
அந்த 4 நாள் நியாயம், ரேட்டில் சேருங்கள். 7 நாளைக் கொத்தனாரின் வேகத்தில் சேர்க்காதீர்கள். அது கல் அனுப்பியவர் செய்த தாமதம்.

சாரமரம்:
காசு நம் கையிலிருந்துதானே போனது? ஓவர்ஹெட்டை 18% ஆக்கினால் முடிந்தது.

ரசமட்டம்:
மேற்பார்வையாளர் சம்பளமும் மிக்சர் வாடகையும் நாளைக்கு இவ்வளவு என்றுதான் ஏறும். சதவீதமாக வைத்தால் கல் விலை ஏறும்போது காரணமில்லாமல் அதுவும் ஏறும், வேலை இழுத்தால் போதாது. நாள் கணக்கில் எடுத்து 60ஆல் வகுப்பதுதான் என் வழக்கம்.

சாரமரம்:
டெண்டர் படிவத்தில் சதவீதத்துக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது. உங்கள் நாள் கணக்கை அதில் எங்கே எழுதுவது?

ரசமட்டம்:
கணக்கை உங்கள் தாளில் போட்டு, வருகிற சதவீதத்தைக் கட்டத்தில் எழுதுங்கள். தாமத நாளை யார் தலையில் கட்டுவது என்பதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

அளவுநாடா:
பழைய தாளைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு கூத்து. சார வாடகையைத் தனி வரியிலும் போட்டு, 15%க்குள்ளும் சேர்த்திருக்கிறேன். அதை எடுத்தால் ரேட் இறங்குகிறது, 7 நாளைப் போட்டால் ஏறுகிறது. அந்த 7ஐ என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை.