கார்டு பில் கட்டி நாலு நாள் ஆச்சு, லிமிட் ஏறவே இல்ல, யாராவது சொல்லுங்க

ஆம்பூர்_அப்பர்_யூனிட் (திங்கள் ராத்திரி)

எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர் பக்கத்துல ஷூ அப்பர் தைக்கிற ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேன், மொத்தம் ஆறு மெஷின். ஒரு மெஷின் போயிடுச்சு, வேலூர்ல ஒரு டீலர்கிட்ட செகண்ட் ஹேண்ட் மெஷின் 78,000க்கு பேசி வெச்சிருக்கேன், புதன்கிழமைக்குள்ள எடுக்கலைன்னா வேற ஆளுக்கு குடுத்துடுவேன்னு சொல்லிட்டாரு. கார்டுல தேய்ச்சிடலாம்னு ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு யுபிஐ ஆப்ல பில் பேமெண்ட் போய் முழு பில்லும் 64,300 கட்டிட்டேன். அக்கவுண்ட்ல பணம் போச்சு, ஆப்ல சக்ஸஸ்னு பச்சை டிக்கும் வந்துச்சு. இன்னிக்கு திங்கள், இன்னும் அவைலபிள் லிமிட் 31,450லயே நிக்குது. என் லிமிட் 1,20,000. பில் கட்டிட்டா முழுசா திரும்பி வரணும் இல்ல? டியூ டேட் 20. லேட் ஃபீஸ் போட்டுடுவாங்களோன்னு வேற பயமா இருக்கு.

காட்பாடி_ரயிலடி

அக்கா பயப்படாதீங்க. சனிக்கிழமை ரெண்டாவது சனி, ஞாயிறு லீவு, இன்னிக்கு சித்திரை ஒண்ணு லீவு. பேங்க் மூடியிருந்தா நெஃப்ட் போவாது, அதான் பணம் நடுவுல நிக்குது. நாளைக்கு வந்துடும். அர்ஜென்ட்னா இன்னொரு வாட்டி ஒரு 50,000 கட்டிடுங்க, லிமிட் ஏறிடும்.

ராணிப்பேட்டை_பழைய_கணக்கு

தம்பி லீவுன்னு சொன்னதுல பாதி சரி, ஆனா காரணம் வேற. நெஃப்ட் 2019 டிசம்பர்லருந்தே லீவு நாள்லயும் அரை மணிக்கு ஒரு பேட்ச்னு ஓடிக்கிட்டுதான் இருக்கு. தவிர இவங்க கட்டுனது நெஃப்டே இல்ல, ஆப்ல பில் பேமெண்ட் வழியா. இன்னொரு வாட்டி கட்ட மட்டும் வேணாம்மா. ரெண்டும் ஏறிட்டா கார்டுல கிரெடிட் பேலன்ஸா நிக்கும், அத திரும்ப அக்கவுண்டுக்கு வாங்க கேட்டு எழுதி அலையணும், யூனிட் நடத்துறவங்களுக்கு 50,000 முடங்குறது சின்ன விஷயம் இல்ல.

நான் சென்னைல கார்டு பேக் ஆபீஸ்ல 11 வருஷம் இருந்தேன், அங்க பாத்தத சொல்றேன். நீங்க கட்டுற பணம் மூணு எடத்துல நிக்கும். மொதல்ல உங்க அக்கவுண்ட்லருந்து கழியும், பச்சை டிக் அதுக்குதான், அதோட "இன்னார் பில் கட்டிட்டாரு"ன்னு தகவல் கார்டு பேங்குக்கு போனதுக்கும். அடுத்து அந்த தகவலையும் வந்து சேர்ற பணத்தையும் கார்டு பேங்க் ஒத்துப் பாக்கணும், ரெண்டு பேங்கும் தங்களுக்குள்ள பணம் தீர்த்துக்கறது தனியா நடக்குது. லீவு இடிக்கிறது இங்கதான், ஏன்னா ஒத்துப் போகாத வரிய ஒரு ஆள் உக்காந்து பாக்கணும். கடைசியா உங்க கணக்குல வரவு எழுதி லிமிட்ட ஏத்தணும், இது நெறைய எடத்துல ராத்திரி ஓடுற வேலைல தான் நடக்கும்.

அது மட்டும் இல்ல, வரவு எழுதறது ஒண்ணு, லிமிட் தொறக்கறது இன்னொண்ணு. செக் போட்டு கட்டிட்டு லிமிட் தொறந்த உடனே மொத்தத்தையும் தேய்ச்சிடுவாங்க, மூணாம் நாள் செக் திரும்பி வரும், பேங்குக்கு ரெண்டு பக்கமும் நஷ்டம். அதனால பணம் உறுதி ஆவுற வரைக்கும் லிமிட்ட பிடிச்சு வெக்கிற பழக்கம் இருக்கு. அதே பேங்க் சேவிங்ஸ் அக்கவுண்ட்லருந்து கட்டினா ஒடனே ஏறுறதும் இதனாலதான், பணம் அவங்க கையிலயே இருக்கு.

இப்ப நீங்க பாக்க வேண்டியது ஒண்ணுதான். கார்டு ஆப்ல பில் ஆகாத டிரான்சாக்ஷன் லிஸ்ட்ல 64,300 வரவா தெரியுதா? தெரிஞ்சு லிமிட் ஏறலைன்னா பிடிச்சு வெச்சிருக்காங்க. தெரியவே இல்லைன்னா இன்னும் போஸ்ட் ஆகல.

ஆம்பூர்_அப்பர்_யூனிட்

ரொம்ப நன்றிண்ணா. லிஸ்ட்ல தெரியல.

ராணிப்பேட்டை_பழைய_கணக்கு

அப்ப கஸ்டமர் கேருக்கு போன் போட்டு "லிமிட் வரல"ன்னு சொல்லாதீங்க, "11ஆம் தேதி பேமெண்ட் உங்களுக்கு வந்திருக்கா, போஸ்ட் ஆயிடுச்சா"ன்னு கேளுங்க. ஆப்ல அந்த பேமெண்ட்ட தொறந்தா ரெண்டு நம்பர் இருக்கும். ஒண்ணு 12 இலக்க யுபிஐ நம்பர், அது அக்கவுண்ட்லருந்து போனதுக்கு. இன்னொண்ணு பில் பேமெண்ட் ரெஃபரன்ஸ், கார்டு பேங்க் தேடுறது இதத்தான். நிறைய பேர் மொத நம்பர மட்டும் குடுத்துட்டு "எங்க சிஸ்டம்ல இல்ல"ன்னு பதில் வாங்கிட்டு நிப்பாங்க. நாளைக்கு சாயங்காலமும் வரலைன்னா ஆப்லயே அந்த பேமெண்ட் உள்ள போய் கம்ப்ளைன்ட் போடுங்க.

லேட் ஃபீஸ் பத்தி கவலை வேணாம், கட்டுன தேதிதான் கணக்கு. ரிசர்வ் பேங்க் விதிப்படி டியூ டேட் தாண்டி மூணு நாளுக்கு மேல பாக்கி இருந்தாதான் லேட் ஃபீஸே போட முடியும். நீங்க ஒன்பது நாள் முன்னாடியே கட்டிட்டீங்க.

இன்னொண்ணு, வந்தாலும் 1,20,000 வராது. 31,450ம் 64,300ம் கூட்டுங்க, 95,750 தான். மீதி 24,250 எங்க போச்சு? பில் வந்தப்புறம் எவ்ளோ செலவு பண்ணீங்க?

ஆம்பூர்_அப்பர்_யூனிட்

நூலு, ஊசி, பசை எல்லாம் சேத்து 8,250 தான்ணா. 16,000 எங்கன்னு புரியல.

ராணிப்பேட்டை_பழைய_கணக்கு

ஏதாவது ஈஎம்ஐ போட்டீங்களா?

ஆம்பூர்_அப்பர்_யூனிட்

ஆமா! பையனுக்கு போன் வாங்கினது. ஆனா ஈஎம்ஐ மாசா மாசம் பில்லுலயே வருதே, அதயும் சேத்துதான கட்டினேன்.

ராணிப்பேட்டை_பழைய_கணக்கு

பில்லுல வர்றது அந்த மாச தவணை மட்டும். இன்னும் வராத தவணைங்களோட அசல் மொத்தமும் லிமிட்ல அடைச்சு வெச்சிருப்பாங்க, தவணை கட்ட கட்ட கொஞ்சம் கொஞ்சமா தொறக்கும். ஈஎம்ஐ பக்கத்துல பாக்கி அசல்னு இருக்கும், பாருங்க.

ஆம்பூர்_அப்பர்_யூனிட்

பாத்தேன், சரியா 16,000 இருக்கு. அப்ப 95,750 வந்தாலே மெஷினுக்கு போதும்.

வாலாஜா_நெசவு

எனக்கும் இதே மாதிரிதான். எங்க வீட்ல பழைய கார்டு முடிஞ்சு புது கார்டு வந்துச்சு, நம்பரும் மாறிடுச்சு. நான் பழக்கத்துல நெஃப்ட்ல சேத்து வெச்சிருந்த பழைய கார்டு நம்பருக்கே 12,000 போட்டுட்டேன். ஆறு நாள் ஆச்சு, கார்டுலயும் ஏறல, திரும்பியும் வரல.

ராணிப்பேட்டை_பழைய_கணக்கு

உங்களுது இதே மாதிரி இல்லங்க, வேற கேஸ். நெஃப்ட்ல வாங்குற பேங்க் பேட்ச் முடிஞ்சு ரெண்டு மணி நேரத்துல வரவு வெக்கணும் இல்ல திருப்பி அனுப்பணும். திரும்பலைன்னா பழைய நம்பர்லயே அவங்க வாங்கி ஓரமா வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். யூடிஆர் நம்பர், பழைய கார்டு கடைசி நாலு நம்பர், புதுசோட கடைசி நாலு, மூணும் எழுதி மெயில் போட்டு மாத்தி வெக்க சொல்லுங்க. எவ்ளோ நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. 30 நாள்ல பதில் வரலைன்னா `cms.rbi.org.in` ல ஆம்பட்ஸ்மனுக்கு போடலாம்.

குடியாத்தம்_மளிகை

சிபில் ஸ்கோர் கம்மியா இருந்தாதான் லிமிட் தராம வெப்பாங்க, ஸ்கோர் பாத்தீங்களா?

ராணிப்பேட்டை_பழைய_கணக்கு

அது பேங்க் மொத்த லிமிட்டையே கொறைக்கிற விஷயம்ணா. இவங்க மொத்தம் 1,20,000ன்னுதான் காட்டுது, கட்டுன பணம் ஏறலைங்கறதுதான் கேள்வி.

ஆம்பூர்_அப்பர்_யூனிட் (புதன் காலைல)

நேத்து மதியம் போன் போட்டு பில் பேமெண்ட் ரெஃபரன்ஸ் குடுத்தேன், "வந்திருக்கு, போஸ்ட் ஆகல"ன்னாங்க. சாயங்காலம் ஆறரைக்கு லிஸ்ட்ல 64,300 வரவு வந்துச்சு, தேதி 11ன்னே போட்டிருக்கு. ஆனா லிமிட் ராத்திரி வரைக்கும் 31,450 தான். இன்னிக்கு விடியக்காலைல எழுந்து பாக்கறேன், 95,750. அண்ணா சொன்ன மாதிரியே வரவு ஒரு நேரம், லிமிட் ஒரு நேரம். டீலருக்கு போன் பண்ணிட்டேன், பத்து மணிக்கு பஸ் ஏறுறேன்.

ஒரு விஷயம் மட்டும் புரியல. என் நாத்தனார் சனிக்கிழமை அதே ஆப்ல அதே பேங்க் கார்டுக்கு கட்டினாங்களாம், பத்தே நிமிஷத்துல லிமிட் ஏறிடுச்சாம்.

ராணிப்பேட்டை_பழைய_கணக்கு

அவங்க எந்த அக்கவுண்ட்லருந்து கட்டினாங்கன்னு கேளுங்க, அந்த பேங்கோட சேவிங்ஸா இருந்தா அதான் காரணமா இருக்கலாம். இல்லைன்னா எனக்கும் தெரியலம்மா. மெஷினுக்கு கார்டு தேய்ச்ச உடனே லிமிட் 17,750க்கு வந்துடுச்சான்னு பாத்துக்கங்க, சில நேரம் கார்டு தேய்க்கிற மெஷின்ல ரெண்டு வாட்டி போட்டுடுவாங்க.

வாலாஜா_நெசவு

மெயில் போட்டுட்டேன் சார். கம்ப்ளைன்ட் நம்பர் வந்திருக்கு, பணம் இன்னும் வரல.