நெல் நட்டம், கடலை லாபம் என்று கணக்கு வருகிறது. நெல்லை விட்டுவிடலாமா? (அவசரம்)

மேட்டுக்காடு:
போன பட்டத்துக் கணக்கை நேற்று கூட்டிப் பார்த்தேன். நெல்லில் 18,000 நட்டம். கடலையில் 46,000 லாபம். மாட்டில் 22,000 லாபம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போட்டு அன்றன்றே எழுதிய கணக்கு, கூட்டலிலும் பிழை இல்லை. ஆனால் கடலை அப்படி ஒன்றும் கொட்டிவிடவில்லை. நாளை மறுநாள் விதை வாங்க வேண்டும். முழுக்கக் கடலையே போட்டுவிடலாமா?

வாய்க்கால்கரை:
எத்தனை ஏக்கர், கடன் உண்டா, எதுவுமே சொல்லவில்லையே. விற்றது எவ்வளவு, செலவு எவ்வளவு?

கீழ்மடை:
வைக்கோலை விற்றீர்களா, மாட்டுக்குப் போட்டீர்களா?

பேரேடு:
இந்தக் கேள்வி இங்கே பட்டத்துக்குப் பட்டம் வருகிறது. ரொக்கக் கணக்கு வேறு, பயிர்க் கணக்கு வேறு. பழைய இழைகளைப் புரட்டிவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

மேட்டுக்காடு:
இரண்டும் ஒவ்வொரு ஏக்கர். நெல் விற்றது 58,000, சாகுபடிச் செலவு 34,000. வீட்டுக்கு 6,000 பெறுமான நெல் எடுத்தோம். வைக்கோல் மாட்டுக்கு. கடன் 40,000 வாங்கி, 5 மாதத்தில் வட்டியோடு 42,000 கட்டியாயிற்று.

தென்னந்தோப்பு:
வருடத்துக்கு 12 சதவீதம் வருகிறது. நட்டத்துக்கு அதுதான் காரணம். நான் வட்டி குறைவான இடத்துக்கு மாற்றிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

பனையோலை:
வட்டி 2,000தான் ஐயா, அது 18,000 நட்டத்தைக் கொண்டுவராது. மேட்டுக்காடு, கடன் வந்ததை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்? கட்டியதை எந்தப் பக்கத்தில்? அந்தப் பணம் எதற்குச் செலவானது?

மேட்டுக்காடு:
பணம் வந்தபோது கடலை விற்றுக்கொண்டிருந்தேன், அதனால் கடலைப் பக்கத்தில் வரவு. கட்டியது நெல் விற்ற காசில், ஆகவே நெல் பக்கத்தில் செலவு. 30,000 நெல் நடவுக்கும் உரத்துக்கும் போனது. 10,000க்கு மாட்டுத் தீவனம் வாங்கினேன்.

பனையோலை:
உங்கள் நட்டம் அங்கேதான் இருக்கிறது. கடன் வாங்கிய பணம் விளைந்து வந்ததில்லை, திருப்பிக் கட்டிய அசலும் சாகுபடிச் செலவில்லை. நடவுக்கும் உரத்துக்கும் கொடுத்ததை ஏற்கெனவே நெல் செலவில் எழுதிவிட்டீர்கள். கடனைக் கட்டியதும் அதே பணம் இரண்டாவது தடவை செலவாக ஏறிவிட்டது.

கடனுக்குத் தனிப் பக்கம் போடுங்கள். வாங்கியது 40,000, கட்டியது 42,000. மீதி 2,000 வட்டி மட்டும்தான் செலவு. பணம் போன வழியில் அதைப் பிரித்தால் நெல்லுக்கு 1,500, மாட்டுக்கு 500.

இப்போது நெல்: விற்றது 58,000, வீட்டுக்கு எடுத்தது 6,000. வைக்கோல் களத்திலேயே 5,000 போகும் என்று வைத்துக்கொள்வோம். ஆக வரவு 69,000. செலவு 34,000, வட்டி 1,500. மிச்சம் 33,500. கடலையில் கடனைக் கழித்தால் நிற்பது 6,000. மாட்டில் வைக்கோலும் வட்டியும் போக 16,500.

கீழ்மடை:
வைக்கோலுக்கு யாரும் காசு கொடுக்கவில்லையே, அதை எப்படி வரவு என்பது?

பனையோலை:
மாடு இல்லாவிட்டால் விற்றிருப்பார், அல்லது வைக்கோல் இல்லாவிட்டால் வாங்கியிருப்பார். வாங்க ஆளே இல்லாத ஊர் என்றால் பூஜ்யம் போடலாம், தப்பில்லை. ஆனால் நெல்லில் வரவு வைத்த அதே தொகை மாட்டில் செலவாக ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் மொத்தக் கணக்கே உதைக்கும்.

பேரேடு:
வீட்டு ஆட்களின் கூலி எங்கே? அதைப் போடாத கணக்கு கணக்கே இல்லை. கறவையைக் கவனிக்கிறவருக்கு ஒருநாள்கூட விடுமுறை கிடையாது. கூலி போட்டால் அந்த 16,500 அப்படியே பறந்துவிடும்.

வாய்க்கால்கரை:
வீட்டு வேலைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? கையில் நிற்கும் காசுதான் கடனைக் கட்டும்.

பேரேடு:
அப்படியே எழுதிக்கொண்டிருங்கள். மாடு எப்போதும் லாபமாகவே தெரியும்.

பனையோலை:
நாள் கணக்கைக் கடைசிப் பத்தியில் எழுதி வைத்தால் போதும், கூலியாகக் கூட்டுவதும் விடுவதும் அவரவர் பாடு. ஆனால் மாட்டுக்குப் பட்டக் கணக்கு ஒத்துவராது. கறக்கும் மாதங்கள் மட்டும் ஒரு பட்டத்தில் விழுந்தால் லாபம் கொழிக்கும், பால் வற்றிய மாதங்களின் தீவனம் அடுத்த பட்டத்தை இழுத்துவிடும். கன்று ஈன்றதிலிருந்து அடுத்த ஈற்று வரை ஒரே கணக்காக வையுங்கள். வீட்டுக்கு ஊற்றிய பாலும் அதில் வரவுதான்.

தென்னந்தோப்பு:
அப்படியென்றால் நெல்லுக்கே போகச் சொல்கிறீர்களா?

பனையோலை:
ஒரு பட்டத்துக் கணக்கை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். கடலைச் செலவை அவர் இன்னும் சொல்லவேயில்லை. விதை விலை அதிகம், அதுவும் சொந்த விதையா என்று தெரியாது.

மேட்டுக்காடு:
மாற்றி எழுதிப் பார்த்தேன், கடலையில் 6,000தான். நெல் விதை எடுக்கப் போகிறேன். கடலை அரை ஏக்கர். எரு இரண்டு வயலுக்கும் போனது, அதை எப்படிப் பிரிப்பது?

கீழ்மடை:
வண்டிக் கணக்கில் பிரியுங்கள்.

வாய்க்கால்கரை:
எரு இந்தப் பட்டத்தோடு தீர்ந்துவிடாதே. அடுத்த பயிருக்கும் பாதி ஏற்ற வேண்டாமா? எனக்கும் இது பிடிபடவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.