கலைச்சொல்: ரோசியோலாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

இளங்கோ:
நண்பர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாரிக்கிறேன். கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தோலில் புள்ளிகளும் வரும் ரோசியோலா நோயின் பெயரில் மாட்டிக்கொண்டேன். ‘ஆறாம் நோய்’, ‘ரோசாத் தடிப்பு’, ‘இளஞ்சிவப்பம்மை’ என்று மூன்று எழுதி வைத்திருக்கிறேன். எது தேறும்? ஃபிஃப்த் டிசீஸ், ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

தனசேகர்:
மூன்றுக்கும் ‘அம்மை’ என்று முடித்தால் மக்களுக்குப் புரியும். தடிப்பு காய்ச்சலோடு வந்தால் ரூபெல்லா, காய்ச்சல் விட்டபின் வந்தால் ரோசியோலா, கன்னத்தில் வந்தால் ஃபிஃப்த். முன்னால் வரும் சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மங்கை:
தனசேகர், ரோசியோலா பற்றி நீங்கள் சொன்னது சரி. ரூபெல்லாவில் கொஞ்சம் வழுக்குகிறது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே தடிப்பு வருவது தட்டம்மையில். ரூபெல்லாவில் காய்ச்சல் லேசாக அடிக்கும், சில குழந்தைகளுக்குத் தெரியவே தெரியாது. முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும், மூன்று நாளில் மறையும். காதுக்குப் பின்னால், பிடரியில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். அதுதான் நல்ல துப்பு.

ரோசியோலாவுக்கு வருகிறேன். மருத்துவமனையில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. ஒன்பது மாதக் குழந்தை. 103, 104 டிகிரி காய்ச்சல், சளி இருமல் பெரிதாக இல்லை. மூன்றாம் நாள் யாரோ ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் சட்டென்று விட்டு, குழந்தை சிரித்து விளையாடுகிறது. அன்று மாலை நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் புள்ளிகள், பிறகு கழுத்துக்கும் கைகாலுக்கும். வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘மருந்து ஒத்துக்கவில்லை’. சீட்டில் அமாக்சிசிலின் அலர்ஜி என்று ஏறிவிடும். அந்தப் பிள்ளை பெரியவனாகும் வரை அது கூடவே வரும். புள்ளிகளோ ஓரிரு நாளில் தானே போய்விடும்.

அதனால் நோயின் பெயரிலேயே அந்த வரிசை இருக்க வேண்டும் என்பது என் கட்சி: ‘சுரம்விடு செம்புள்ளி’. புள்ளிகள் பெரும்பாலும் தட்டையாக இருக்கும், ‘தடிப்பு’ பொருந்தாது. ‘அம்மை’யும் வேண்டாம். அம்மை என்றதும் வேப்பிலை கட்டி, மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுவார்கள். 104 அடிக்கிற குழந்தைக்கு வலிப்பு வர வாய்ப்புண்டு, அப்போது அது ஆபத்து.

கௌசல்யா:
சொல் பற்றித் தெரியாது, என் பையன் விஷயம் சொல்கிறேன். போன வருஷம் இரண்டு கன்னமும் அறைந்த மாதிரி சிவந்தது. அப்புறம் கையில் வலை பின்னினாற்போல் கோடுகள். மறைந்துவிட்டதே என்று பார்த்தால், வெயிலில் விளையாடி வந்ததும் மறுபடி வரும், வெந்நீரில் குளிப்பாட்டினாலும் வரும். இப்படியே மூன்று வாரம். பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அதுவும் இந்த ரோசியோலாதானா?

மங்கை:
இல்லைம்மா, அது ஃபிஃப்த் டிசீஸ். பார்வோவைரஸ் பி19 கொடுக்கிறது. கன்னம் சிவக்கும்போது தொற்றும் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும், பள்ளிக்கு அனுப்பியிருக்கலாம். அதற்கு முந்தைய லேசான சளிக் காய்ச்சல் நாட்களில்தான் மற்றவர்களுக்குப் பரவும். வகுப்பு ஆசிரியை கர்ப்பிணியாக இருந்தால் மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டும், வயிற்றுக் குழந்தைக்கு ரத்தசோகை வரலாம். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ள பிள்ளைகளும் கவனம்.

இளங்கோ, எண் பெயர்களை விட்டுவிடுங்கள். ஐந்தாம், ஆறாம் நோய் என்பதெல்லாம் குழந்தைகளின் தடிப்பு நோய்களை எண்ணிட்ட பழைய பட்டியலிலிருந்து வந்தவை. அதில் நாலாவதாக இருந்த நோயைத் தனி நோயாகவே இப்போது யாரும் ஏற்பதில்லை.

தனசேகர்:
அப்படியானால் ஃபிஃப்த்துக்கு ‘அறைகன்ன நோய்’ என்றே வைக்கலாமே?

மங்கை:
அழகான சொல்தான். ஆனால் மாநிறம், கறுப்பு நிறப் பிள்ளைகளுக்குக் கன்னச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கை, தொடை வலைக்கோலம்தான் ஓரளவு கண்ணில் படும். ‘வலைத்தடிப்பு’ என்றால் பணியாளர் கையைத் திருப்பிப் பார்ப்பார்.

சிவநேசன்:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பக்கம் சின்னமுத்து என்றால் உங்கட தட்டம்மை. உங்கட சின்னம்மை எங்களுக்குக் கொப்பளிப்பான். ரூபெல்லாவை ஜேர்மன் சின்னமுத்து என்று எழுதினதும் பார்த்திருக்கிறன். ரெண்டு கரைக்கும் பொதுவான கையேடு என்றால் ‘ரூபெல்லா’வை அப்படியே விடுங்கோ.

மங்கை:
சிவநேசன் ஐயா சொல்வது சரி. இங்கே தடுப்பூசி அட்டையிலும் தட்டம்மை-ரூபெல்லா என்றே இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளி பள்ளியாக அந்த ஊசி போட்டபோதே சொல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊசி முக்கியமாக யாருக்காக என்றால் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் குறை வரலாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்புரையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்.

இளங்கோ:
சரி, ரூபெல்லா அப்படியே. வலைத்தடிப்பும் ஏறுகிறது. ‘சுரம்விடு செம்புள்ளி’யில்தான் தயக்கம்: மங்கை அம்மா சொன்ன நிறக் கணக்கு ‘செம்’முக்கும் பொருந்தாதா? ‘சுரம்விடு புள்ளி’ என்று சுருக்கினால் மொட்டையாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை பட்டியலைத் திறந்தே வைக்கிறேன்.