மாதச் சந்தாவா, ஒரே முறை வாங்குவதா: எனக்கு உண்மையில் எது மலிவு?

மாலைப்படிப்பு: தரவுப் பகுப்பாய்வு கற்க இரண்டு வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மாதச் சந்தா. பாடப் பக்கத்தில் "வாரம் 10 மணி நேரம் வீதம் 3 மாதம்" என்று இருக்கிறது. மற்றொன்று ஒரே முறை வாங்குவது. விலை அந்த மாதக் கட்டணத்தைப் போல 5 மடங்கு, 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். நான் வேலை முடிந்து மாலையில் படிப்பவன். எது எனக்கு மலிவாக முடியும்?

ஓடை: சந்தாதான் மலிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்று மாதக் கட்டணம் ஐந்து மாதக் கட்டணத்தை விடக் குறைவு. கணக்கு அத்துடன் முடிகிறது. பிடிக்காவிட்டால் எந்த மாதத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். பல சந்தாக்களில் முதல் 7 நாள் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆகவே பணத்தைத் திரும்பப் பெறும் வசதி சந்தாவில் இல்லை என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை; அந்த ஏழு நாள் அதே வேலையைச் செய்துவிடும்.

கணக்கேடு: நான் சில ஆண்டுகள் ஓர் இணையக் கல்வித் தளத்தின் கட்டணப் பிரிவில் வேலை பார்த்தவன். நாள்தோறும் வரும் புகார்களைப் படித்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நண்பர் ஓடை பயன்படுத்திய "மூன்று மாதம்" என்ற எண் விற்பவர் தந்தது, கேட்டவருடையது அன்று. வாரம் 10 மணி நேரம், 3 மாதம் என்றால் பாடத்தின் மொத்த அளவு ஏறக்குறைய 120 மணி நேரம். கணக்குக்கு அடிப்படையாக வேண்டிய எண் அதுதான். மாலைப்படிப்பு அவர்களே, கடந்த நான்கு வாரங்களில் நீங்கள் உண்மையாகவே உட்கார்ந்து படித்த நேரம் எவ்வளவு? படிக்க நினைத்த நேரத்தைச் சொல்லாதீர்கள்.

மணல்வீடு: இந்த விவாதத்தைப் பார்த்ததும் என் அனுபவம் நினைவுக்கு வந்தது. நான் ஆண்டுச் சந்தா எடுத்தேன். முதல் ஆண்டு முழுவதும் இரண்டு பாடங்கள்தான் படித்தேன். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் தானாகப் பிடிக்கப்பட்டதை மூன்று வாரம் கழித்து அட்டைக் கணக்கைப் பார்த்தபோதுதான் அறிந்தேன். திருப்பித் தரும் காலம் இரண்டு வாரத்தோடு முடிந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கியதால் சந்தாவும் நின்றுவிட்டது என்று நம்பியிருந்தேன். ஆகவே ஆண்டுச் சந்தாவை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கணக்கேடு: உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. செயலியை நீக்குவதால் சந்தா நிற்பதில்லை. செயலிக் கடை வழியாகச் செலுத்தியிருந்தால் அந்தக் கடையின் சந்தாப் பகுதியில்தான் நிறுத்த வேண்டும். பாடத் தளத்துக்கு எழுதினால் அவர்கள் கடையைக் கைகாட்டுவார்கள். ஆனால் இங்கே கேட்கப்பட்டது ஆண்டுச் சந்தாவைப் பற்றியன்று. அது வேறு வகை: மொத்தப் பணமும் முன்கூட்டியே போய்விடுவதால் ஒரே முறை வாங்குவதை ஒத்தது, ஆண்டு முடிந்தால் பாடமும் கையை விட்டுப் போவதால் சந்தாவை ஒத்தது.

மாலைப்படிப்பு: நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். கடந்த நான்கு வாரங்களில் 5, 3, 4, 4 மணி நேரம். வாரத்துக்குச் சராசரி 4 மணி நேரம்தான். 7 மணி நேரமாவது வரும் என்று நினைத்திருந்தேன்.

கணக்கேடு: இப்போது கணக்கைப் போடலாம். மாதக் கட்டணத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 120 மணி நேரத்தை வாரம் 4 மணி நேரமாகப் படித்தால் 30 வாரம், அதாவது ஏறத்தாழ 7 மாதம். செலவு 7 பங்கு. ஒரே முறை வாங்கினால் 5 பங்கு. நோயாலோ வேலைப்பளுவாலோ இரண்டு வாரம் படிப்பு தடைப்பட்டால் அது எட்டாம் மாதத்துக்குள் நுழைந்துவிடும். சந்தா முழு மாதமாகத்தான் பிடிக்கப்படும் என்பதால், எட்டாம் மாதத்தில் இரண்டே நாள் படித்து முடித்தாலும் எட்டாவது பங்கைச் செலுத்த வேண்டியதுதான்.

இரண்டும் சமமாகும் இடம் 5 மாதம். 120 மணி நேரத்தை 5 மாதத்தில் முடிக்க வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் தேவை. அதற்கு மேல் படிப்பவருக்குச் சந்தா மலிவு, அதற்குக் கீழே படிப்பவருக்கு ஒரே முறை வாங்குவது மலிவு. நீங்கள் கோட்டுக்குக் கீழே இருக்கிறீர்கள்.

ஓடை: கணக்கை ஏற்கிறேன், ஆனால் அது ஒருவர் பாடத்தை முடிப்பார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. மூன்றாம் மாதத்தில் ஆர்வம் வடிந்துபோய் விட்டுவிடுகிறவருக்குச் சந்தாவில் 3 பங்குதான் செலவு. முழுவதையும் வாங்கியவர் 5 பங்கைக் கொடுத்துவிட்டுப் பாதிப் பாடத்தோடு நிற்பார். நானே அப்படி வாங்கிப் போட்ட நான்கு பாடங்களைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். மாதந்தோறும் பணம் போகிறது என்ற உறுத்தல் இருப்பதால்தான் சந்தாவில் சேர்ந்தவற்றை முடித்தேன். அந்த உறுத்தலுக்கு உங்கள் கணக்கில் மதிப்பே இல்லையா?

கணக்கேடு: மதிப்பு உண்டு. நீங்கள் சொல்வதில் மறுக்க முடியாத பகுதி இதுதான்: விட்டுவிடக்கூடியவருக்குச் சந்தா இழப்பைக் குறைக்கிறது. ஆனால் ஒரே முறை வாங்கினால் பணத்தைத் திரும்பக் கேட்கக் கேட்டவரிடம் 30 நாள் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். 7 நாள் இலவசமும் 30 நாள் திருப்பமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வாரம் 4 மணி நேரம் படிப்பவர் ஏழு நாளில் பார்ப்பது நான்கு மணி நேரப் பாடம். அதில் பெரும்பகுதி அறிமுகமும் மென்பொருளை நிறுவுவதுமாகவே கழிந்துவிடும். 30 நாளில் அவர் 17 மணி நேரம் படித்திருப்பார். தரவைச் சுத்தம் செய்வது போன்ற, பொறுமையைச் சோதிக்கும் பகுதிக்குள் அதற்குள் நுழைந்துவிடலாம். நம்மால் தொடர முடியுமா என்பது அங்கேதான் தெரியவரும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இலவச நாட்கள் முடிந்ததும் பேசாமல் இருந்தால் கட்டணம் தானாகப் பிடிக்கப்பட்டு, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் தொடரும். திருப்பக் காலத்தில் மறந்து போனால் இழப்பு ஒரே முறையோடு நிற்கும். மறதியின் விலை சந்தாவில் வளர்கிறது. மணல்வீடு அவர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

மணல்வீடு: அப்படியானால் 30 நாளுக்குள் முழுப் பாடத்தையும் பார்த்து முடித்துவிட்டுப் பணத்தைக் கேட்கலாமே?

கணக்கேடு: கேட்கலாம், ஆனால் பெரும்பாலும் கிடைக்காது. அது நேர்மையும் அன்று. யுடெமி போன்ற தளத்தில் தனிப் பாடங்களுக்கு 30 நாள் தருகிறார்கள். ஆனால் பாடத்தின் பெரும்பகுதியைப் பார்த்திருந்தாலோ பதிவிறக்கியிருந்தாலோ மறுக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறார்கள். கோர்செராவில் சான்றிதழைப் பெற்றுவிட்டால், திருப்பக் காலம் மீதம் இருந்தாலும் பணம் திரும்பாது. பயணத்தில் பார்க்கலாம் என்று எல்லாக் காணொளிகளையும் முதல் நாளே இறக்கி வைப்பவர்கள், தெரியாமலேயே தங்கள் உரிமையை இழக்கிறார்கள். கேட்டவருக்கு இந்த ஆபத்து குறைவு. 17 மணி நேரம் என்பது 120இல் ஏழில் ஒரு பங்குதான்.

அவர் கவனிக்க வேண்டியது நாள்கணக்கு. அது பணம் செலுத்திய நாளிலிருந்து ஓடும், முதல் பாடத்தைத் திறந்த நாளிலிருந்து அன்று. எங்களுக்கு வந்த மறுப்புப் புகார்களில் அலுப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வந்தது இதுதான்: தள்ளுபடி நாளில் மூன்று பாடங்களைச் சேர்த்து வாங்குவார்கள், முதலாவதை முடித்துவிட்டு ஆறு வாரம் கழித்து இரண்டாவதைத் திறப்பார்கள், அது பொருந்தாது என்று அப்போதுதான் தெரியும். தொடங்கப் போகும் நாளில் வாங்குங்கள். தள்ளுபடிகள் திரும்பி வரும்.

ஓரக்குறிப்பு: இதுவரை யாரும் தொடாத ஒன்று. விலை வேறு நாட்டுப் பணத்தில் இருந்தால், நாணய மாற்றுக்காக வங்கி பிடிக்கும் கட்டணம் பொதுவாகத் திரும்புவதில்லை. இடையில் நாணய மதிப்பு மாறியிருந்தால் திரும்பும் தொகையும் சற்றுக் கூடலாம், குறையலாம். சில தளங்கள் பணமாகத் தராமல் தளத்துக்குள் மட்டுமே செலவழிக்கக்கூடிய இருப்பாகத் தரும். "முழுத் தொகை திருப்பம்" என்பதைப் பார்த்ததும் எந்த வடிவில் என்பதையும் படியுங்கள். சந்தாவில் இந்த மாற்றுக் கட்டணம் ஒவ்வொரு மாதமும் விழும் என்பதையும் சேர்த்தால் ஏழு பங்கு ஏழில் நிற்காது.

"வாழ்நாள் அணுகல்" என்ற சொல்லையும் நான் அப்படியே நம்புவதில்லை. அது தளமும் பாடமும் இருக்கும் வரையிலான அணுகல். மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் திரையில் உள்ள பொத்தான்கள் இடம் மாறிவிடும். ஆசிரியர் புதுப்பிக்காவிட்டால் அந்தப் பாடம் உங்கள் பெயரில் பழையதாகிக்கொண்டே இருக்கும். வாங்கும் முன் கடைசியாகப் புதுப்பித்த மாதத்தையும், மாணவர் கேள்விகளுக்கு ஆசிரியர் கடைசியாக எப்போது பதில் எழுதினார் என்பதையும் பாருங்கள்.

மாலைப்படிப்பு: வேலை அதிகமாக இருக்கும் மாதங்களில் சந்தாவை நிறுத்திவிட்டுப் பிறகு சேர்ந்தால் என்ன? அப்போது படித்த மாதங்களுக்கு மட்டும்தானே பணம்?

கணக்கேடு: நல்ல வழி, ஓர் எல்லைக்குள். நிறுத்தினாலும் செலுத்திய மாதம் முடியும் வரை பெரும்பாலும் படிக்கலாம். செய்து முடித்த பயிற்சிகளும் பொதுவாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது கட்டணம் உயர்ந்திருக்கலாம், பாடத்தின் அமைப்பும் மாறியிருக்கலாம். முக்கியமாக, உங்கள் சிக்கல் வெறுமையான மாதங்கள் அல்ல. எல்லா மாதமும் மெல்லிய நான்கு மணி நேரம். நிறுத்தி நிறுத்திச் சேர்வது அதற்கு உதவாது. இரண்டு மாதம் முழு விடுப்பு எடுத்து வாரம் 15 மணி நேரம் படிக்க முடியும் என்றால் நானே உங்களைச் சந்தாவுக்கு அனுப்பிவிடுவேன். செலவு 2 பங்கோடு முடிந்துவிடும்.

ஓடை: ஒன்றை மட்டும் பதிவுசெய்ய விரும்புகிறேன். முதல் 30 நாள் ஒருவரின் விடாமுயற்சியைக் காட்டிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. புதிதாக வாங்கியதன் உற்சாகம் முதல் மாதம் முழுவதும் நீடிக்கும். சரிவு அதற்குப் பிறகுதான் வரும், அப்போது திருப்பக் காலம் முடிந்திருக்கும்.

கணக்கேடு: அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. முதல் மாதத்தில் நான்கு வாரமும் தவறாமல் படித்தவர், பிறகு விட்டதும் உண்டு, தொடர்ந்ததும் உண்டு. ஆனால் முதல் மாதத்திலேயே இரண்டு வாரம் தவறியவருக்குப் பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் சரி என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

மாலைப்படிப்பு: அடுத்த திங்கட்கிழமை தொடங்க முடியும் என்பதால் அன்றே வாங்குகிறேன். காணொளி எதையும் இறக்கி வைக்க மாட்டேன். வாங்கியதிலிருந்து 25ஆம் நாளுக்கு நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்துவிட்டேன். அதுவரை படித்த நேரம் 12 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுவேன். ஓடை சொன்ன மூன்றாம் மாதச் சரிவு வருமா என்பதை அப்போது வந்து எழுதுகிறேன்.