சம்பவ இடத்துல கண்ணால பாத்ததை மட்டும் எழுதணும்னா… உங்க அனுபவம்?

இரவுப்பணி:
நேரா விஷயத்துக்கு வரேன். திறந்தவெளி நிகழ்ச்சி, முடிஞ்சு கூட்டம் வெளிய போயிட்டிருக்கு, ஒருத்தர் படிக்கட்டுல விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிருச்சு. நான் அங்க போறப்போ மணி 9:40. தூறல் போட்டுட்டிருந்துச்சு. மேல மூணு படி ஈரம், கீழ் படிங்க கூரைக்கு அடியில வர்றதால காஞ்சு இருந்துச்சு. இடது பக்க விளக்கு எரியல, வலது பக்கம் எரிஞ்சுது. இதை அப்படியே எழுதிக் குடுத்தேன். சூப்பர்வைசர் படிச்சுட்டு "மழை ஈரத்துல, வெளிச்சம் போதாம வழுக்கி விழுந்தார்னு ஒரே வரியில முடி, எதுக்கு இவ்வளவு"ன்னாரு. எந்தப் படியில விழுந்தார்னு யாருமே பாக்கல, அந்த ஆளுக்கும் ஞாபகம் இல்ல, அப்புறம் எப்படி ஈரத்துல வழுக்கினார்னு எழுதுறதுன்னு கேட்டேன், அந்த வரியைப் போட முடியாதுன்னுட்டேன். அவர் சிரிச்சுட்டு, "அப்ப நீ ஈரத்தை ஏன் முதல் வரியில வச்ச?"ன்னாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

தராசு:
விபத்து விசாரணை வேலை எனக்கு. உங்க சூப்பர்வைசர் தப்பான வரியைக் கேட்டாரு, ஆனா கடைசியா கேட்டது சரியான கேள்வி. அதுக்கு அப்புறம் வரேன், எனக்கு இன்னும் உறுத்துற ஒண்ணு இருக்கு. ஒரு சாயங்காலம் சைக்கிள்காரர் ஒருத்தர் நடந்து போனவர் மேல மோதிட்டாரு. உதவிக்கு போன் போன நேரம் 6:31. நான் போய்ச் சேர்ந்தது 7:10. அன்னைக்கு சூரியன் மறைஞ்சது 6:22. எனக்கு முன்னாடி வந்தவர் ஃபார்ம்ல "இருட்டு"ன்னு எழுதி வச்சிருந்தாரு. அவர் வந்தப்போ இருட்டுதான், பொய் இல்ல. ஆனா மறைஞ்சு 9 நிமிஷத்துல வானத்துல இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கும், மேகம் இருந்தா குறையும், 7:10க்கு அதுல எதுவுமே மிச்சம் இருக்காது. அந்த ஒரு வார்த்தை அப்படியே மோதின நேரத்துக்கு ஒட்டிக்கிச்சு, அப்புறம் எல்லாரும் இருட்டுல நடந்த விபத்துன்னே பேச ஆரம்பிச்சாங்க.

நான் எழுதினது இவ்வளவுதான்: "7:10க்குப் பாத்தேன், வானத்துல வெளிச்சம் இல்ல, மேகம் முழுக்க மூடியிருந்துச்சு, பக்கத்துக் கம்பத்துல விளக்கு எரிஞ்சுது, எப்ப எரிய ஆரம்பிச்சுதுன்னு தெரியல, 6:31க்கு நான் அங்க இல்ல." மறுநாள் அதே நேரத்துக்குப் போய் நின்னேன், வானம் தெளிவா இருந்துச்சு, அதையும் எழுதினேன், ஏன்னா அது முதல் நாள் மாதிரி இல்லவே இல்ல. சாட்சி நின்ன இடத்துல நின்னு, கருப்பு சட்டை போட்ட ஒரு ஆளை எதிர்ல நடக்க விட்டேன். 25 மீட்டர்ல உருவம் தெரிஞ்சுது, முகம் தெரியல. அது எனக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான். அதை வச்சு சாட்சிக்குத் தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சிருக்காதுன்னு நான் ஒரு எழுத்து கூட எழுதல.

போட்டோ எடுக்குறவங்க ஜாக்கிரதை. போன்ல நைட் மோட் ஓடுச்சுன்னா இருட்டுத் தெருவும் பட்டப்பகல் மாதிரி வந்துடும். அதை ஆஃப் பண்ணிட்டு எடுங்க, எடுத்த நேரம், எங்க நின்னு எடுத்தீங்கன்னு எழுதுங்க, கண்ணுக்கு அதைவிட இருட்டா இருந்துச்சா, வெளிச்சமா இருந்துச்சான்னு ஒரு வரி சேருங்க. டார்ச் அடிச்சுட்டே வந்தீங்கன்னா அதையும் போடுங்க, கண்ணு இருட்டுக்குப் பழகுறதுக்கு முன்னாடி பாத்த இருட்டு வேற, பழகினப்புறம் பாக்குறது வேற.

ஒலிப்பெட்டி:
இவ்வளவு சுத்தி வளைக்க வேண்டாம் தோழர். சவுண்டுக்கு போன்ல ஆப் இருக்கு, 92 டெசிபெல்னு காட்டுச்சுன்னா 92, நம்பர்கிட்ட யாரு வாதாட முடியும்? நான் ஒரு மேடைப் பக்கம் தகராறு நடந்தப்போ அப்படித்தான் எடுத்துக் குடுத்தேன், "கத்தினது கேக்கல"ன்னு சொன்ன ஆளு சொன்னது உண்மைன்னு நிரூபணம் ஆச்சு.

தராசு:
நிரூபணம் ஆகல, நீங்க நினைச்சுக்கிட்டீங்க. போன் மைக் பேச்சுக்காகப் பண்ணது, சத்தம் அதிகமானா நிறைய போன் தானே அமுக்கிடும், எங்க பிடிச்சீங்க, எத்தனை செகண்ட் எடுத்தீங்கன்னு பாத்து மாறும். நம்பரைப் போடுங்க, ஆனா எந்த போன், எந்த ஆப், எவ்வளவு நேரம்னு கூடவே போடுங்க. முக்கியமா, நீங்க அளந்தது தகராறு நடந்தப்போவா, இல்ல அதுக்கப்புறமா? ஜெனரேட்டர் நடுவுல நின்னு திரும்ப ஓடியிருந்தா உங்க 92க்கு என்ன அர்த்தம்? அதைவிட, "கை நீட்டற தூரத்துல நின்னவர்கிட்ட குரல் உசத்திப் பேச வேண்டியிருந்துச்சு"ன்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு நல்லா புரியும்.

ஒலிப்பெட்டி:
அளந்தது ஒரு பத்து நிமிஷம் கழிச்சு. ஆனா பாட்டு அதே வால்யூம்தான் சார், மிக்சர்ல நான்தான் உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியாதா.

வேப்பமரம்:
என் கார் மேல கிளை விழுந்துருச்சு. இன்சூரன்ஸ்காரங்க வானிலைப் பதிவுல அன்னைக்குக் காத்து சாதாரணம்னுதான் இருக்குன்றாங்க. பெருங்காத்துன்னு எழுதிக் குடுக்கட்டுமா?

தராசு:
இங்க பேசுறது வேறங்க. ஆனாலும் சொல்றேன், அந்தப் பதிவு எடுத்த இடம் உங்க தெருவுல இருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். "பெருங்காத்து"ன்னு போடாதீங்க. இலை ஆடுச்சா, தடிமனான கிளை ஆடுச்சா, நடக்கும்போது காத்து தள்ளுச்சா, அதை மட்டும் நேரத்தோட எழுதிக் குடுங்க.

வரிசை:
கூட்டத்தைப் பத்தி யாரும் பேசல, அதனால சொல்றேன். ஒரு வாசல்ல நின்னுட்டிருந்தேன், என் பக்கத்துல இருந்தவர் வாக்கி டாக்கில "கடும் நெரிசல்"னு சொன்னாரு, அதே நேரம் இன்னொரு வாசல்ல இருந்தவர் "சாதாரணம்"னு சொன்னாரு, ரெண்டு பேரும் பாத்தது ஒரே கூட்டம்! அப்ப இருந்து நான் இப்படித்தான் பண்றேன், நீங்களும் பண்ணுங்க. தரையில ஒரு அளவு தெரிஞ்ச இடத்தைப் பிடிங்க, தடுப்புக்கு நடுவுல 2 மீட்டருக்கு 2 மீட்டர்னு வச்சுக்கோங்க, அதுல எத்தனை தலைன்னு எண்ணுங்க. 12 பேருன்னா சதுர மீட்டருக்கு 3 பேர். கூட்டம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது, அதனால நெருக்கமா இருக்குற இடத்துல ஒண்ணு, லேசா இருக்குற இடத்துல ஒண்ணுன்னு எண்ணி ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, சராசரி போட்டுடாதீங்க. ஆளுங்க நிக்கிறாங்களா, நகர்றாங்களா, எந்தப் பக்கம் நகர்றாங்க, தோள் உரசாம ஒருத்தர் குறுக்க போக முடியுதா, இதெல்லாம் எழுதணும். "தள்ளுமுள்ளு"ன்னு மட்டும் போடாதீங்க, யாரோ யாரையோ தள்ளினாங்கன்னு அதுலயே தீர்ப்பு வந்துடுது. ரேடியோவுல சொல்றதுக்கும் இதேதான், அப்புறம் எழுதும்போது ரேடியோவுல சொன்னதைத் திருத்தாதீங்க, சொன்னது ஒரு வரி, பாத்தது ஒரு வரின்னு தனியா…

இரவுப்பணி:
நல்லா இருக்கு, ஆனா நான் கேட்டது இன்னும் அப்படியே நிக்குது. ஈரத்தை முதல்ல வச்சேனே, அது?

தராசு:
எந்தச் சம்பவமா இருந்தாலும் வரிசையை மாத்தாதீங்க. மழை, காத்து, தரை, ஒவ்வொரு விளக்கும், சத்தம், கூட்டம். ஒண்ணும் விசேஷம் இல்லாததையும் எழுதுங்க: "காத்து இல்ல", "வலது விளக்கு எரிஞ்சுது", "கைப்பிடி ஆடல". அப்ப எது முதல்ல வரணும்னு நீங்க முடிவு பண்ண வேண்டியதே இல்ல.

ஒலிப்பெட்டி:
அப்படி ரெண்டு பக்கம் எழுதினா எவன் படிப்பான்? மேல இருக்கறவங்க கடைசி வரியைத்தான் பாப்பாங்க, அங்க ஒண்ணும் இல்லன்னா அவங்களே ஒண்ணு எழுதிப்பாங்க.

தராசு:
எழுதட்டும். அவங்க பேர்ல எழுதட்டும்.