பொருள்: 'தவிர்ப்புப் பிணைப்பு'க்குப் பதில் 'பாராமுகப் பிணைப்பு' சரிவருமா?

மல்லிகா, லாஸ்பேட்டை:
குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் அட்டாச்மென்ட்டுக்குப் 'பிணைப்பு' என்று வைத்துவிட்டேன், அவாய்டன்ட் அட்டாச்மென்ட்டில்தான் முட்டி நிற்கிறேன். 'தவிர்ப்புப் பிணைப்பு' என்றால் படிப்பவர்கள் குழந்தைக்குப் பாசமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் பால்டிமோரில் செய்த சோதனையில், பழக்கமில்லாத அறையில் ஒரு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அம்மா இரண்டு முறை வெளியே போய் வருவார். போகும்போது அழுகிறதா என்பதைவிட, வரும்போது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் வகை பிரிப்பார்கள். அவாய்டன்ட் வகைக் குழந்தை அம்மா உள்ளே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையை உருட்டும். அதற்குப் 'பாராமுகம்' என்று நம்மிடமே சொல் இருக்கிறதே.

குமரன், மஞ்சக்குப்பம்:
'பிள்ளைக்கு ஒட்டுதல் இல்லை' என்றுதான் கடலூர்ப் பக்கம் சொல்வோம். 'ஒட்டாப் பிணைப்பு' எளிமை. காப்பகத்தில் விட்ட பிள்ளைகள் அம்மா போனால் அழுவதில்லை, அதுதானே இது?

செண்பகம், புதுச்சேரி:
பாதி சரி, குமரன் ஐயா. தினமும் பிரிந்து பழகிய பிள்ளை அழாமல் இருக்கலாம். நான் வேலை பார்க்கும் காப்பகத்தில் அப்படி ஒரு சுட்டி உண்டு; சாயங்காலம் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும். அது பாராமுகம் இல்லை. 'ஒட்டாத' என்பதும் பொருந்தாது, ஏனென்றால் 1977இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதயத் துடிப்பை அளந்தபோது, ஒன்றும் நடக்காததுபோல் விளையாடிய குழந்தைகளுக்கும் துடிப்பு ஏறியே இருந்தது. உள்ளே பதற்றம், வெளியே பொம்மை. பல முறை அழுதும் தூக்காததால், அழாமல் இருந்தால்தான் அம்மா பக்கத்தில் இருப்பார் என்று அது பழகியிருக்கலாம். எனக்குப் 'பாராமுகம்' பிடித்திருக்கிறது, ஆனால் அதில் ஒரு குற்றச்சாட்டு ஒட்டியிருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைமேல் அதைச் சுமத்தலாமா?

பர்வீன், முத்தியால்பேட்டை:
என் வீட்டுக்காரர் சண்டை வந்தால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார், இரண்டு நாள் பேச்சே இருக்காது. என் மாமியார் அவரைத் தூக்கியே வளர்க்கவில்லையாம். அப்போ அவரும் பாராமுகப் பிணைப்புதானா?

செண்பகம்:
பர்வீன் அக்கா, அதை வைத்து மாமியாரைக் குறை சொல்ல முடியாது. 1987இல் ஹேஸன், ஷேவர் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் டென்வர் செய்தித்தாள் ஒன்றில் கேள்வித்தாள் போட்டு, காதலிலும் இந்த வகைகள் தெரிகின்றன என்று காட்டினார்கள். ஆனால் அது பெரியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது. குழந்தையாக இருந்தபோது பார்த்தவர்களையே வளர்ந்த பிறகும் பின்தொடர்ந்த ஆய்வுகளில் தொடர்பு மெல்லியதாகத்தான் வருகிறது, பலர் நடுவில் மாறிவிடுகிறார்கள். பெரியவர்களிடம் அளப்பது, ஒருவரை நெருங்கவும் நம்பிச் சாய்ந்துகொள்ளவும் எவ்வளவு சங்கடப்படுகிறார்கள் என்பதை.

மல்லிகா:
அப்போ இரண்டு சொல் வேண்டும்போல. குழந்தைக்குப் 'பாராமுகப் பிணைப்பு', பெரியவர்களுக்கு 'நெருக்கக் கூச்சம்'?

குமரன்:
கூச்சம் என்றால் வெட்கம் என்று படித்துவிடுவார்கள் அம்மா. அப்புறம் இரண்டும் ஒரே கோட்பாட்டிலிருந்து வந்தவை என்பதும் மறைந்துபோகும். குழந்தைக்கு உங்கள் சொல்லை ஒப்புக்கொள்கிறேன், மற்றதற்கு 'நெருக்க விலகல்' என்று யோசித்துப் பாருங்கள்.