புதுப்பிப்பு: நக்கிள்ஸ் நடைப்பயணம் ரத்து

"அண்ணை, யாழ்ப்பாணத்தில நல்ல வெயில். வெள்ளி இரவு பஸ் வெளிக்கிடுமோ?"

வெளிக்கிடாது. மாத்தளைப் பக்கம் மண்சரிவுக்குச் செம்மஞ்சள் எச்சரிக்கை விட்டிருக்கினம். ஓடை கலங்கி, சருகும் தடியும் அடிச்சுக்கொண்டு வருதெண்டு அங்கத்தைய வழிகாட்டி காலமை சொன்னார். அப்பிடியெண்டால் மேல்மலையில மழை. முழங்கால் தண்ணி கெதியா இடுப்புக்கு ஏறும். கயிறு கட்டிக் கடக்கலாமெண்டு ஒரு தம்பி எழுதியிருந்தார். கரையில பிடிச்சு நிக்க கயிறு நல்லது. இழுப்பில இடுப்போட கட்டினால் அதுவே ஆளைத் தண்ணிக்குள்ள அமத்திப்போடும்.

கட்டின காசு முழுக்க அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கப்படும், விரும்பினால் வேற ஆளுக்கும் மாத்தலாம். காசாத் திருப்பி வேணுமெண்டால் பஸ் முற்பணம் கழியும். அதைக் குறைக்க இன்னும் கதைச்சுக்கொண்டிருக்கிறம்.

அட்டைச் சொக்ஸைத் திருப்பி எடுப்பியளோ எண்டு கேட்ட அக்கா, வைச்சிருங்கோ. அட்டையள் அங்கதான் நிக்கும்.